பதினாறு கட்டங்களுக்குள் வகையிடல்

மேல்நிலை வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் ஓர் அத்தியாயம், வகையிடல் வேறோர் அத்தியாயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றே பலரும் படித்து முடித்துவிடுகிறோம். ஆனால் வகையிடலையே ஓர் அணியாக எழுதிவிடலாம்.

மூன்றாம் படிக்கு மேல் போகாத பல்லுறுப்புக்கோவைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு 5 + 4x − 3x² + 2x³. இதன் கெழுக்களை 5, 4, −3, 2 என்று மேலிருந்து கீழாக எழுதினால் போதும். X-களைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். இனி 1, x, x², x³ ஆகிய நான்கையும் தனித்தனியே வகையிடுங்கள். 0, 1, 2x, 3x² வரும். இந்த விடை ஒவ்வொன்றின் கெழுக்களையும் ஒரு நிரலாக நிறுத்தினால் அணி தயார்:

```
0 1 0 0
0 0 2 0
0 0 0 3
0 0 0 0
```

இதை நம் நிரலோடு பெருக்கினால் 4, −6, 6, 0 கிடைக்கிறது. அதாவது 4 − 6x + 6x². நேரடியாக வகையிட்டாலும் இதே விடைதான்.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: விடைகளை நிரலாக வைக்காமல் நிரையாக வைத்துவிடுவது. அப்படி வைத்த அணியில் x-ஐக் கொடுத்தால் 1 வராது, 2x² வரும். வகையிட்டால் படி குறையத்தான் வேண்டும். ஏறினால் அணி புரண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

அணியின் முதல் நிரல் முழுக்கச் சுழியம். 5 ஆனாலும் 500 ஆனாலும் மாறிலி என்றால் இங்கே அழிந்துபோகும். இப்படிச் சுழியமாகிவிடுபவற்றின் தொகுதிக்கு உட்கரு என்று பெயர். தொகையிடும்போது கடைசியில் ‘+ C’ போடாமல் மதிப்பெண் இழந்தவர்களுக்கு இந்த உட்கருவை நன்றாகவே தெரியும். அழிந்த மாறிலி எது என்று விடையைப் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் அந்த C.

கடைசி நிரையும் சுழியம். ஆகவே விடையில் x³ ஒருபோதும் வராது. வரக்கூடிய விடைகளின் தொகுதி பிம்பம். இங்கே அது இரண்டாம் படி வரையிலான எல்லாக் கோவைகளும். அதன் பரிமாணம் 3, உட்கருவின் பரிமாணம் 1, கூட்டினால் 4. தொடங்கிய இடத்தின் பரிமாணமும் அதுவே.

கூட்டுத்தொகை சரியாக வருவதால் உட்கருவும் பிம்பமும் இடத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்ட இரு துண்டுகள் என்று நினைத்துவிடக் கூடாது. மாறிலி 1 உட்கருவில் இருக்கிறது. X-இன் வகைக்கெழு என்பதால் பிம்பத்திலும் இருக்கிறது. உட்கரு முழுவதும் பிம்பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வகையிடும் ஒவ்வொரு முறையும் படி குறைவதால்தான் இந்த அணியைத் தன்னோடு தானே பெருக்கிக்கொண்டே போனால் நான்காம் அடுக்கில் எல்லாக் கட்டமும் சுழியமாகிவிடுகிறது.

படிக்கு வரம்பே வைக்காவிட்டால் கதை மாறும். அப்போது எந்தக் கோவையும் வேறொன்றின் வகைக்கெழுவாக அமையும். பிம்பத்தில் எதுவும் விடுபடாது. ஆனாலும் மாறிலிகள் உட்கருவிலேயே கிடக்கும். எத்தனை பெரிய சதுர அணியானாலும், கட்டங்கள் எண்ணி முடிகிற வரை, இந்த இரண்டும் சேர்ந்து நடக்காது.