1,800 ரூபாயில் நின்றுவிட்ட பி.எஃப்.

தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பலருடைய சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் 1,800 ரூபாய் என்று இருக்கும். அடுத்த வருடம் இன்கிரிமென்ட் வரும்; பிடித்தம் அதே 1,800. பத்து வருடம் கழித்து அடிப்படைச் சம்பளம் 40,000 ஆன பிறகும் அதே 1,800. கையில் வரும் தொகை கூடுவதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘பி.எஃப். நல்லதா, மியூச்சுவல் ஃபண்ட் நல்லதா’ என்று கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கப்படுகிறது. அதே அளவை நிறுவனமும் போடுகிறது. ஆனால் சட்டப்படி கட்டாயம் என்பது 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான். 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு அது. அதற்கு மேல் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 15,000-க்கு மட்டும் 12 சதவீதம் கட்டினால் போதும் என்று பல நிறுவனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. 1,800 ரூபாய் வந்த வழி இதுதான்.

நிறுவனம் போடும் இன்னொரு 1,800 முழுதாக நம் பி.எஃப். கணக்குக்கு வருவதில்லை. அதில் 1,250 ரூபாய், 1995-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. மிச்சம் 550 ரூபாய்தான் நம் கணக்கில் சேரும். பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் இருக்கும்: நம் பங்கு, நிறுவனத்தின் பங்கு, பென்ஷன். முதல் இரண்டுக்கும் ஆண்டுதோறும் வட்டி ஏறும். மூன்றாவதில் வட்டி என்று எதுவும் ஏறாது. அங்கே நமக்கென்று பணம் சேர்வதில்லை, நாம் வேலை பார்த்த வருடங்கள்தான் கணக்கு.

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 28 வயதில் 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 58 வயது வரை முப்பது வருடம் வேலை. சம்பளம் ஏறுகிறது, பிடித்தம் 1,800-இலேயே நிற்கிறது. மாதம் 2,350 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. 2023-24, 2024-25 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் அறிவித்த வட்டி 8.25 சதவீதம். முப்பது வருடமும் அதே வட்டி கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிடைப்பதாகவே வைத்தால் கடைசியில் சுமார் 34.7 லட்சம் ரூபாய் கைக்கு வரும்.

கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருள் முப்பது வருடத்தில் சுமார் 574 ரூபாய் ஆகிவிடும். அந்த 34.7 லட்சம் இன்றைய 6 லட்சத்துக்குச் சமம். ஒரு குடும்பம் இருபது வருடம் உட்கார்ந்து சாப்பிட இது காணாது.

ஓய்வூதியத்தின் கதை இதைவிட மோசம். கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தை (அதுவும் 15,000 வரைதான்) பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் பணி செய்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருடம் சேர்த்துத் தருவார்கள். நம்மவருக்கு 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 6,857 ரூபாய். அதே 6 சதவீத விலையேற்றத்தில் இது இன்றைய 1,200 ரூபாய்க்குத்தான் சமம். விலைவாசி ஏறினாலும் இந்த ஓய்வூதியம் தானாக ஏறாது. அரசு ஊழியருக்கு ஏறுவதுபோல் அகவிலைப்படி இதில் கிடையாது. உச்சவரம்பை இனிமேல் உயர்த்தினால் கணக்கு மாறும். அதை நம்பி முதுமையைத் திட்டமிட முடியாது.

அப்படியானால் அந்த 1,250 வீணா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் உண்டு. இதோடு, தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிக்காமல் நிறுவனம் கட்டும் காப்பீடு ஒன்றும் பி.எஃப்.புடன் ஒட்டி வருகிறது. அதில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்டில் இரண்டு வருடம் பணம் போட்டவர் இறந்தால், போட்டதன் அன்றைய மதிப்புதான் குடும்பத்துக்கு வரும். இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு வட்டியை மட்டும் பார்க்கிறார்கள்.

ஆக, 1,800 வரையிலான பிடித்தத்தில் நமக்குத் தேர்வே இல்லை, அது இருக்கட்டும். தேர்வு இருப்பது சம்பளம் ஏறும்போது வரும் கூடுதல் பணத்தில். அதைப் போட இரண்டு வழிகள். ஒன்று, பி.எஃப்.பிலேயே விருப்பப்பட்டுக் கூடுதலாகக் கட்டுவது. வி.பி.எஃப். என்று எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்தால் போதும். அதே வட்டி வரும். நிறுவனம் தன் பங்கைக் கூட்டிப் போடாது. நம் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கான வட்டிக்கு வரி உண்டு. இன்னொரு வழி, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி.

மாதம் 1,500 ரூபாய் பங்குச்சந்தை சார்ந்த ஃபண்டில் முப்பது வருடம் போடுகிறார் என்று பார்ப்போம். போட்ட முதல் 5.4 லட்சம். வருடத்துக்குச் சராசரியாக 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 52 லட்சம். 10 சதவீதமானால் 34 லட்சம். 6 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 15 லட்சம். இந்த மூன்றில் எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விற்க வருகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் காட்டுவார்கள். மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் கையில் இருப்பது செலவு விகிதம். ஃபண்ட் நிறுவனம் நிர்வாகத்துக்காக ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ஏஜென்ட் மூலம் வாங்கும் ரெகுலர் திட்டத்தில் கமிஷனும் சேர்ந்திருக்கும். 2013 முதல் இருக்கும் டைரக்ட் திட்டத்தில் அது கிடையாது. வருடத்துக்கு ஒரு சதவீதம் செலவு கூடினால் மேலே சொன்ன 34 லட்சம் சுமார் 27 லட்சமாகக் குறையும். ஆறரை லட்சம் ரூபாய், நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டை டைரக்ட் திட்டத்தில் வாங்குவதே சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

வி.பி.எஃப்.பா, எஸ்.ஐ.பி.யா என்றால் வயதைப் பார்த்து முடிவு செய்யலாம். முப்பதுகளில் இருப்பவரிடம் கட்டாய பி.எஃப். என்ற பாதுகாப்பான பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் கூடுதல் பணத்தை எஸ்.ஐ.பி.யில் போட்டு, ஒவ்வொரு இன்கிரிமென்டுக்கும் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது நல்லது. ஐம்பதைத் தொட்டவருக்கு நிலைமை வேறு. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகள் அளவில் இருந்த சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்குக் கீழே போனது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது அடுத்த ஆண்டு மார்ச்சில் 8,000 சொச்சத்தில் கிடந்தது. பிறகு சந்தை மீண்டது உண்மை. ஆனால் அந்த மார்ச்சில் ஓய்வு பெற்று, மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ பணத்தை எடுத்தே ஆக வேண்டியிருந்தவருக்கு அது மீண்டு என்ன பயன்? ஓய்வுக்கு ஏழெட்டு வருடம் இருக்கும்போதே புதுப்பணத்தை வி.பி.எஃப்.புக்குத் திருப்பி, ஃபண்டில் சேர்ந்ததையும் வருடத்துக்குக் கொஞ்சமாக வெளியே எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். எடுக்கும்போது, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதில் இந்த வசதியும் இருக்கிறது.

எதில் போடுவது என்று இவ்வளவு யோசிக்கிறவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுத்துவிடுவது. நம்மவர் ஐந்து வருடத்தில் வேலையை விட்டால் கணக்கில் சுமார் 1.7 லட்சம் இருக்கும். பைக் வாங்கலாம், கடன் அடைக்கலாம் என்று தோன்றும். அந்தப் பணம் அப்படியே இருந்தால் அடுத்த இருபத்தைந்து வருடத்தில் சுமார் 12.5 லட்சம் ஆகும். முன்பு சொன்ன 34.7 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த முதல் ஐந்து வருடப் பணம்தான். கூடவே பென்ஷன் பணத்தையும் படிவம் 10சி கொடுத்து எடுத்துவிட்டால் அந்த ஐந்து வருடப் பணிக்காலமும் அழிந்துபோகும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து வருடப் பணி வேண்டும். இரண்டு மூன்று கம்பெனிகளில் நான்கு நான்கு வருடம் வேலை பார்த்து ஒவ்வொரு முறையும் எடுத்தவருக்கு, மொத்தம் பன்னிரண்டு வருடம் உழைத்தும் ஓய்வூதியம் இல்லை.

எடுக்காமல் மாற்றுவதற்கு யு.ஏ.என். ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு உறுப்பினர் எண் உண்டு. பாஸ்புக்கில் பழைய எண்ணின் கீழ் இன்னும் இருப்புத் தொகை தெரிந்தால், பணம் புதுக் கணக்குக்கு வந்து சேரவில்லை என்று பொருள். பழைய கம்பெனி நாம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பதும், ஆதாரில் உள்ள பெயருக்கும் பி.எஃப். பதிவில் உள்ள பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருப்பதும் வழக்கமான காரணங்கள். கணக்கை மாற்றிய பிறகு பென்ஷன் பத்தியில் பூஜ்யம் காட்டினால் பயப்பட வேண்டாம். பணிக்காலம் மாறியிருக்கிறதா என்று சேவை வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து பதிவு ஏறவில்லை என்றால் நிறுவனம் பிடித்ததைக் கட்டவில்லை என்று சந்தேகப்படலாம், பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் சம்பளச் சீட்டோடு புகார் கொடுக்கலாம்.

58 முடிந்ததும் பி.எஃப். தொகைக்கு ஒரு விண்ணப்பம், ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி என்று தனியாக இன்னொன்று கொடுக்க வேண்டும். ஓய்வூதியம் தானாகத் தொடங்காது. உடனே தேவையில்லை என்றால் 60 வயது வரை தள்ளிப்போடலாம். தள்ளும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் கூடும். அவசரப்பட்டு 50 வயதிலேயே கேட்டால், 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டப்படும், அந்த வெட்டு ஆயுள் முழுக்க நீடிக்கும்.