பெர்சனல் லோனை முன்கூட்டியே அடைத்தால் 4% கட்டணம்... அதைக் கட்டியும் பணம் மிச்சமாகுமா?

கையில் போனஸோ, சீட்டுப் பணமோ மொத்தமாக வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ‘லோனை முடிச்சுடலாமே’ என்பதுதான். வங்கிக்குப் போனால், முன்கூட்டியே அடைப்பதற்கு 4 சதவீதம் கட்டணம் என்கிறார்கள். அதைக் கேட்டதும் சிலர் அப்படியே திரும்பி வந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் திரும்பி வருவதும் நஷ்டமாகலாம், யோசிக்காமல் கட்டுவதும் நஷ்டமாகலாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவர் 5 லட்சம் ரூபாய் பெர்சனல் லோன் வாங்கியிருக்கிறார். வட்டி 14%, காலம் 5 வருஷம், இஎம்ஐ ரூ.11,634. இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டார். இப்போது அசல் பாக்கி சுமார் ரூ.3,40,400. மீதமுள்ள 36 தவணையையும் கட்டினால் மொத்தம் ரூ.4,18,800 ஆகும். அதாவது இனிமேல் போகப்போகும் வட்டி மட்டும் சுமார் ரூ.78,400.

இன்றே முடித்தால் 4% கட்டணம் ரூ.13,616. அதன் மேல் 18% ஜிஎஸ்டி ரூ.2,451 சேரும். மொத்தம் ரூ.16,067. ஜிஎஸ்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 4% என்று சொன்னாலும் கையிலிருந்து போவது 4.72%. அப்படியும் ரூ.62,000-க்கு மேல் மிச்சம்.

இதே நபர் நாலரை வருஷம் கட்டிவிட்டு, 6 தவணை பாக்கி இருக்கும்போது முடிக்க நினைத்தால்? அசல் பாக்கி சுமார் ரூ.67,000. இனி வரவேண்டிய வட்டி வெறும் ரூ.2,765. கட்டணமோ ஜிஎஸ்டியோடு ரூ.3,164. கைக்காசு போட்டு நஷ்டப்படுவதுதான் மிச்சம். இஎம்ஐயில் வட்டி முதல் வருஷங்களில் அதிகமாகவும் கடைசியில் சொற்பமாகவும் இருக்கும். இந்த உதாரணத்தில் கட்டணம் மட்டும் எப்போதும் அதே சதவீதம். இந்த லோனில் 7 தவணை பாக்கி இருக்கும்போது இரண்டும் சமமாகிவிடுகிறது. அதற்குக் கீழே போனால் முன்கூட்டியே அடைப்பதில் அர்த்தமில்லை.

உங்க லோனுக்கு இதை போன் கால்குலேட்டரிலேயே தோராயமாகப் பார்க்கலாம். மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, பாதியாக்கி, மாத வட்டி சதவீதத்தால் பெருக்குங்க. 14% வட்டி என்றால் மாதத்துக்கு 1.17%. 36 தவணைக்கு 18.5 × 1.17, கிட்டத்தட்ட 21.6%. இது ஜிஎஸ்டி சேர்த்த கட்டண சதவீதத்தைவிட அதிகமாக இருந்தால் லாபம். பாக்கி மாதங்கள் அதிகமாக இருந்தால் இந்தக் கணக்கு லாபத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதனால் பயமில்லை.

ஆனால் அந்த ரூ.62,000 முழுசா லாபமா என்றால், அதுவும் இல்லை. லோனை முடிக்கத் தேவைப்படும் ரூ.3,56,000-ஐ 7% வட்டி தரும் கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்தே மாதாமாதம் இஎம்ஐ கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 33 தவணை வரை அந்தப் பணமே தாங்கும். கடைசியில் சுமார் ரூ.25,000 பத்தாமல் போகும். அந்த ரூ.25,000தான் லோனை இன்றே முடிப்பதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம். மருத்துவச் செலவுக்கென வைத்திருக்கும் கடைசிச் சேமிப்பைத் துடைத்தெடுத்து அடைக்கும் அளவுக்கு இது பெரிய தொகையா என்பதை அவரவர் குடும்பச் சூழல்தான் சொல்லும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. ‘எங்க பேங்க்ல 12%தான், லோனை இங்கே மாத்திடுங்க’ என்று போன் வரும். அதே 36 மாதத்துக்கு 12% வட்டியில் இஎம்ஐ ரூ.11,306 ஆகும். மாதம் ரூ.328 குறையும், மூணு வருஷத்துக்கு ரூ.11,800. பழைய வங்கிக்குக் கட்டவேண்டியதோ ரூ.16,067. புது வங்கியின் பிராசஸிங் கட்டணம் தனி. இங்கே மிச்சமாவது முழு வட்டி இல்லை, 2% வித்தியாசம் மட்டும்தான் என்பதால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

சிலருக்கு இந்தக் கட்டணமே கிடையாது. வீட்டுக் கடன் போல, மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய கடனுக்கு இதை வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கான புதிய விதிமுறையும் அதையே சொல்கிறது. பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால்தான் அதில் கட்டணம் வருகிறது. எந்த வகை வட்டி, எத்தனை சதவீதம் கட்டணம் என்பதெல்லாம் லோன் ஒப்பந்தத்தில் இருக்கும். புதிய கடன் என்றால், அதோடு தரும் முக்கிய விவர அறிக்கையிலும் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன் வங்கியிடம் கணக்கு முடிப்புக் கடிதம் கேட்டு வாங்குங்க. அசல் பாக்கி, அன்றைய தேதி வரையான வட்டி, கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். அதில் போட்டிருக்கும் தேதி தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி கூடும்.