டெமோவிலிருந்து பின்னோக்கி

2010 மே மாதம், நியூயார்க்கில் டெக்கிரஞ்ச் நடத்திய ஹேக்கத்தானில் ஜாரெட் ஹெக்ட், ஸ்டீவ் மார்டோச்சி என்ற இருவர் ‘குரூப்மீ’யை உருவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்கு வரும் எஸ்.எம்.எஸ். குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். செய்தியைக் கொண்டுசேர்க்கும் வேலையை ட்விலியோ நிறுவனத்தின் சேவை பார்த்துக்கொண்டது. எஸ்.எம்.எஸ். வழியே நடந்ததால் சாதாரண போனே போதுமானதாக இருந்தது. 2011 ஆகஸ்ட்டில் ஸ்கைப் அதை வாங்கியது.

எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் ஹேக்கத்தானின் வெற்றி இருக்கிறது. மீந்த கல்யாணச் சாப்பாட்டை முதியோர் இல்லங்களுக்குச் சேர்க்கும் செயலியை நான்கு மாணவர்கள் 24 மணி நேரத்தில் செய்ய நினைப்பதாக வைத்துக்கொள்வோம். லாகின், ஓ.டி.பி., மேப், ரேட்டிங், அட்மின் பக்கம் என்று பட்டியல் நீளும். முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் எழுத வேண்டியது அந்தப் பட்டியலை அல்ல, டெமோவை. மண்டப மேலாளர் ஒரு போனில் ‘40 பேர் சாப்பாடு’ என்று போடுகிறார். பக்கத்தில் உள்ள இல்லத்தின் போனில் மணி அடிக்கிறது. அவர்கள் ‘எடுத்துக்கொள்கிறோம்’ என்று அழுத்தியதும் மேலாளரின் திரை மாறுகிறது.

இந்த மூன்று நிகழ்வுக்கு உதவாத எல்லாவற்றையும் வெட்டலாம். லாகின் வேண்டாம்; இரண்டு போனிலும் இரண்டு கணக்குகளைத் திறந்தே வைத்தால் போதும். மேப்புக்குப் பதில் ‘3 கி.மீ.’ என்று நேரடியாக எழுதிவிடலாம். ஆனால் ஒரு போனிலிருந்து மறு போனுக்குச் செய்தி போவது மட்டும் நிஜமாகவே நடக்க வேண்டும். யோசனையின் உயிரே அதுதான்.

அந்த ஓட்டம், திரை எவ்வளவு அழகற்றதாக இருந்தாலும், ஆறாவது மணிக்குள் ஒரு முறையாவது முழுதாக ஓடிவிட வேண்டும். ஆளுக்கொரு பகுதியைத் தனியாக எழுதி விடியற்காலையில் இணைக்கப் பார்க்கிற அணிகள்தான் பெரும்பாலும் மேடையில் விழிக்கின்றன. ஒருவர் ‘quantity’ என்று அனுப்புவார். இன்னொருவரின் கோடு ‘qty’யைத் தேடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். பத்தாவது மணியிலும் முழு ஓட்டம் ஓடவில்லையென்றால் இன்னும் ஒரு அம்சத்தை வெட்டியாக வேண்டும்.

இருபதாவது மணியில் புதுக் கோடு எழுதுவதை நிறுத்திவிடுவது நல்லது. அதன்பின் ஒத்திகைதான். இலவச சர்வர்களில் பல, சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். மேடை ஏறுமுன் ஒரு முறை திறந்து எழுப்ப வேண்டும். நூறு லேப்டாப்புகள் தொங்கும் அரங்க வைஃபையை நம்பாமல் சொந்த ஹாட்ஸ்பாட்டும், முழு ஓட்டத்தின் வீடியோப் பதிவு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

எது நிஜம், எது ஒப்புக்கு வைத்தது என்று நடுவர்கள் கேட்பார்கள். ‘தூரம் மட்டும் கையால் எழுதியது, செய்தி நிஜமாகவே போகிறது’ என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.