கூரை ஆண்டெனாவுக்கு எந்தக் கேபிள்?

மாணவர்களே, வானில் பறக்கும் விமானங்கள் தாங்கள் இருக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே செல்கின்றன. ஓர் ஆண்டெனாவும் கணினியில் செருகும் சிறிய வானொலிப் பெறுவியும் இருந்தால் அவற்றை உங்கள் பள்ளியிலேயே பெறலாம். ஆண்டெனா பள்ளிக் கூரையில், கணினி கீழே அறிவியல் கூடத்தில், இடையே 20 மீட்டர் கோஆக்சியல் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கேபிளை வாங்குவது?

கோஆக்சியல் கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி இருக்கும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் காப்பும், அதன்மேல் உலோக வலையும் இருக்கும். சமிக்ஞை இதன் வழியே செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாக மாறித் தொலைகிறது. இந்த இழப்பை டெசிபெல் அளவில் குறிப்பார்கள். 3 டெசிபெல் இழந்தால் திறன் பாதியாகும். 6 டெசிபெல் இழந்தால் கால் பங்கு, 12 டெசிபெல் இழந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். ஏன்? உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பி முழுவதிலும் பாய்வதில்லை, மேற்பரப்பிலேயே ஓடுகிறது. செம்பில் அந்த மெல்லிய அடுக்கின் ஆழம் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6.6 மைக்ரோமீட்டர், 1000 மெகாஹெர்ட்ஸில் 2.1 மைக்ரோமீட்டர் மட்டுமே. பாதை குறுகுவதால் மின்தடை உயர்கிறது. பிளாஸ்டிக் காப்பும் தன் பங்குக்குச் சிறிது சக்தியை உறிஞ்சுகிறது.

இனி மூன்று கேபிள்களை ஒப்பிடுவோம். ஒரு மீட்டருக்கான இழப்பு தோராயமாக இப்படி இருக்கும். தயாரிப்பாளரைப் பொறுத்து எண்கள் சற்று மாறலாம்.

ஆர்ஜி-58 (மெல்லியது, 50 ஓம்): 100 மெகாஹெர்ட்ஸில் 0.16 டெசிபெல், 1090 மெகாஹெர்ட்ஸில் 0.6 டெசிபெல்.
ஆர்ஜி-6 (தொலைக்காட்சிக் கேபிள், 75 ஓம்): 0.065, 0.21.
எல்எம்ஆர்-400 (தடித்தது, 50 ஓம்): 0.04, 0.14.

இவற்றை 20 மீட்டரால் பெருக்குங்கள். பண்பலை வானொலி ஒலிபரப்பாகும் 100 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 இழப்பது 3.2 டெசிபெல்தான். வலுவான உள்ளூர் நிலையத்தைக் கேட்க அது பெரிய குறையில்லை. ஆனால், அதே கேபிள் 1090 மெகாஹெர்ட்ஸில் 12 டெசிபெல் இழக்கிறது. ஆர்ஜி-6 இழப்பது 4.2 டெசிபெல், எல்எம்ஆர்-400 இழப்பது 2.8 டெசிபெல்.

இது கணினித் திரையில் எப்படித் தெரியும்? தூரம் இரு மடங்கானால் ஆண்டெனாவை அடையும் திறன் கால் பங்காகக் குறையும். ஆகவே, ஒவ்வொரு 6 டெசிபெல் இழப்பும் கேட்கும் தூரத்தைப் பாதியாக்கும். இழப்பே இல்லாதபோது 200 கிலோமீட்டர் வரை எட்டும் அமைப்பு, ஆர்ஜி-58 போட்டால் 50 கிலோமீட்டரில் நின்றுவிடும். ஆர்ஜி-6 போட்டால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வரை எட்டும்.

"பெறுவி 50 ஓம், ஆர்ஜி-6 கேபிளோ 75 ஓம். பொருந்தாதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டும் சேரும் இடத்தில் சமிக்ஞையின் 4 விழுக்காடு திரும்பிச் செல்லும், அது 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. ஆர்ஜி-58-ஐத் தவிர்ப்பதால் கிடைக்கும் 7.8 டெசிபெல்லுக்கு முன்னால் இது மிகச் சிறிது. எனவே, சமிக்ஞையைப் பெற மட்டுமே பயன்படும் அமைப்புக்கு விலை குறைந்த தொலைக்காட்சிக் கேபிளே போதும். ஒலிபரப்பும் கருவிக்கு மட்டும் அது கேட்கும் 50 ஓம் கேபிளைப் போடுங்கள்.

அடுத்து இணைப்பிகள். ஆர்ஜி-6 கேபிளுக்கு எஃப் வகை இணைப்பி பொருந்தும். பெறுவியின் எஸ்எம்ஏ துளையில் செருக ஒரு மாற்றி வேண்டும். எல்எம்ஆர்-400-க்கு என் வகை ஏற்றது. பிஎல்-259 இணைப்பிக்கு 'யுஎச்எஃப்' என்ற பெயரும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏறக்குறைய 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது சரியாகப் பொருந்தாது.

இணைப்பி மாட்டியதும், இரு முனைகளையும் கழற்றி வைத்து மல்டிமீட்டரால் சோதியுங்கள். நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே மின்தொடர்பு காட்டினால், வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். மல்டிமீட்டர் டெசிபெல் இழப்பைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டு மழைக்கு, கூரையில் உள்ள இணைப்பியின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். மழை பெய்த பிறகு தூரத்து விமானங்கள் திரையிலிருந்து மறைந்து, அடுத்த நாளும் திரும்பவில்லையா? ஆசிரியரின் துணையோடு அந்த இணைப்பியைத் திறந்து பாருங்கள். வலை கறுத்திருந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டது. நிறம் நன்றாக இருக்கும் பகுதிவரை கேபிளை வெட்டி, புதிய இணைப்பியை மாட்டுங்கள்.