இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரவு செலவு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்லூரி இறுதியாண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தினம் ஒரு தலைப்பு, இரண்டு நிமிட ஒலிப்பதிவு, வாரம் ஒருமுறை திரும்பிக் கேட்பது என்ற ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு ஆகும் கணக்கு இது. பணக்கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். கைப்பேசி இருக்கிறது, ஒரு நோட்டு வாங்கினால் போதும். நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் இரண்டு நிமிடப் பதிவு சுமார் 1 எம்.பி. பிடிக்கும். வருஷத்துக்கு 300 பதிவு என்றாலும் 300 எம்.பி.தான். அதனால் எதையும் அழிக்க வேண்டாம்.

இரண்டு நிமிடம் என்ற அளவு சும்மா வந்ததல்ல. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் யோசிக்கக் கொடுத்து, 2 நிமிடம் வரை பேசவிடுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்: 1 நிமிடம் யோசனை, 2 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேட்பது, 1 நிமிடம் நோட்டில் குறிப்பது. நாளுக்கு 6 நிமிடம்.

தலைப்பு வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘விவசாயம்’ என்று வைத்தால் மூன்றாவது வாக்கியத்தில் பேச்சு நின்றுவிடும். தலைப்புக்குள் ஒரு பொருள், கேட்கிற ஆள், சொல்லும் வரிசை மூன்றும் இருக்க வேண்டும். ‘சின்ன வெங்காயம் நடவிலிருந்து மண்டிக்குப் போகும்வரை, வடநாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குச் சொல்லு’ என்றால் வாய் தானாக நகரும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து தலைப்பு. சனிக்கிழமை புதுசு வேண்டாம். திங்கட்கிழமைத் தலைப்பையே மறுபடி பேசுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பதிவையும் எழுத உட்கார்ந்தால் அடுத்த வாரமே விட்டுவிடுவீர்கள். திங்கள், சனி இரண்டில் மட்டும், 30ஆவது நொடியிலிருந்து 90ஆவது நொடி வரை உள்ள ஒரு நிமிடத்தைச் சொன்னது சொன்னபடி எழுதுங்கள். ஆரம்ப அரை நிமிடம் பெரும்பாலும் மனப்பாடம். கடைசி அரை நிமிடம் சரக்கு தீர்ந்த இழுப்பு. பிறகு ‘ஆக்சுவலி’, ‘ம்ம்’, ஒரே சொல்லை இருமுறை சொன்னது எல்லாவற்றையும் அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை வெங்காயத்துக்கு 68 சொல், அடித்தது 9, நிகரம் 59. சனிக்கிழமை அதே வெங்காயம்: 80 சொல், அடித்தது 4, நிகரம் 76. ஒரே வாரத்தில் 17 சொல் ஏறிவிட்டது என்று துள்ளத் தோன்றும். அடுத்த திங்கள் சாத்தனூர் கல்மரம்: 69 சொல், அடித்தது 8, நிகரம் 61. ஆக, கையில் நின்றது 2. மீதி 15 வெங்காயத்தோடு போயிற்று. ஒரே விஷயத்தைத் திரும்பப் பேசினால் வேகம் கூடுவது மொழிப் பயிற்சி ஆய்வுகளில் பழகிய செய்திதான். அதற்காக சனிக்கிழமைப் பேச்சு வீண் என்று சொல்ல மாட்டேன். திரும்பப் பேசியவர்களுக்கே அந்த ஓட்டம் புதுத் தலைப்பிலும் தங்குகிறது என்று 2011இல் டி ஜாங், பெர்பெட்டி இருவரும் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் முன்னேற்றம் என்று எழுத வேண்டிய எண், திங்களுக்குத் திங்கள் ஒப்பிட்டு வருவது.

அந்தத் திங்கள் எண்ணும் சில நேரம் ஏமாற்றும். கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. பேசுகிறவர் 12 கோடியை 120 மில்லியனாக மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்கையில் மூன்று நொடி போய்விடும். அது ஆங்கிலத் தடுமாற்றம் அல்ல, கணக்குத் தடுமாற்றம். ஆகவே சொற்களோடு நிறுத்தங்களையும் எண்ணி, எங்கே நின்றது என்று பாருங்கள். வாக்கியம் முடிந்து நின்றால் மூச்சு, எல்லாரும் நிற்பார்கள். எழுவாயைச் சொல்லிவிட்டு வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு நொடிக்கு மேல் நின்றால் அங்கேதான் வேலை இருக்கிறது. நம் வினைச்சொல் கடைசியில் வந்து பழக்கம். ஆங்கிலம் அதை இரண்டாவதாகக் கேட்கிறது. அப்படி நின்ற வாக்கியங்களில் மூன்றை மட்டும் திருத்தி எழுதி, மறுவாரம் கவனித்தால் போதும்.

நேரக் கணக்கு: ஆறு நாளுக்கு 36 நிமிடம், ஞாயிறு 30 நிமிடம், வாரம் 66. நான்கு வாரத்துக்கு 264 நிமிடம், அதாவது 4 மணி 24 நிமிடம். இதில் வாய் திறந்து பேசியது 48 நிமிடம். அந்த 48ம் ஒற்றை ஆளின் பேச்சு. குறுக்கே ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. வேலைக்கான நேர்காணலில் அப்படி விடமாட்டார்கள். சனிக்கிழமைப் பதிவு முடிந்ததும், அறைத் தோழரோ தங்கச்சியோ அதைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். யோசிக்க நேரம் இல்லாமல் அரை நிமிடம் பதில் சொல்லி, அதையும் தனிப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.