900 ரூபாய் பிளானின் முழு விலை

வியாபாரத்துக்கு மென்பொருள் வாங்க நினைப்பவர் அதன் விலையை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கைபேசியில்தான். லிங்க்ட்இன்னிலோ இன்ஸ்டாகிராமிலோ, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கரோசல் அட்டைகளாக அது வந்து சேர்கிறது. முதல் அட்டையில் நிறுவனத்தின் பெயரும் ஒரு படமும் இருக்கும். அடுத்து பேசிக், பிறகு ஸ்டாண்டர்ட், பிறகு பிரீமியம், கடைசியில் ‘அழையுங்கள்’ என்று ஒரு எண். வாங்குபவரைத் தடுமாற வைப்பது இந்த வரிசைதான்.

பிளான்களை ஒப்பிடத்தான் ஒருவர் அதைத் திறக்கிறார். ஒப்பிட வேண்டுமானால் மூன்றும் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரிகிறது. பிரீமியத்துக்கு வரும்போது பேசிக்கில் மாதம் எத்தனை பில் என்று போட்டிருந்தது மறந்துவிடும். இரண்டு முறை பின்னால் போய்ப் பார்ப்பார். பிறகு அலுத்துப்போய், ‘அதிகம் பேர் வாங்குவது’ என்று பட்டை ஒட்டியிருக்கும் நடு பிளானையே எடுத்துக்கொள்வார். அது விற்பவர் எடுத்துவைத்த முடிவு.

எல்லோரும் கடைசி அட்டை வரை வருவார்கள் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகம் தன் இணையதள முகப்பில் இருந்த கரோசலை 2013-இல் கணக்கெடுத்தது. வந்தவர்களில் சுமார் நூற்றில் ஒருவர்தான் அதைச் சொடுக்கியிருந்தார். அந்தச் சொடுக்குகளிலும் ஏறக்குறைய 84 சதவீதம் முதல் அட்டையில் விழுந்தவை. விரலால் தள்ளும் அட்டைகளுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் முக்கியமானதைப் பின்னால் வைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

அதனால் முதல் அட்டையிலேயே மூன்று பிளானையும் பக்கம் பக்கமாக வைத்து, யாருக்கு எது என்று ஒவ்வொரு வரி எழுதிவிட வேண்டும். அடுத்த அட்டைகளைப் பிளான் வாரியாகப் பிரிக்காமல், வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளின்படி பிரிக்க வேண்டும். எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள்? மாதத்துக்கு எத்தனை பில்? எத்தனை குடோன்? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பிளானின் பதிலும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை, இரண்டு குடோன்கள். முதலாளி, பில் போடும் இருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், குடோன் ஆட்கள் மூவர் என ஏழு பேர். பில்லிங் மென்பொருளின் விலை, உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பயனருக்கு மாதம் பேசிக் 500 ரூபாய், ஸ்டாண்டர்ட் 900, பிரீமியம் 1,500. பேசிக்கில் ஒரு குடோன், மாதம் 500 பில். ஸ்டாண்டர்டில் மூன்று குடோன், பில்லுக்கு வரம்பில்லை, ஆனால் குறைந்தது ஐந்து பயனருக்காவது பணம் கட்ட வேண்டும்.

இந்தக் கடையில் சாதாரண மாதத்தில் 350 பில் போகும். இரண்டாவது குடோன் இருப்பை வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொள்ளலாம், பேசிக்கே போதும் என்று முதலாளி நினைக்கலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இதே கடை 900 பில் போடும். வரம்பைச் சராசரி மாதத்தோடு பொருத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலானோர் தவறும் இடம். உச்சமான மாதத்தோடுதான் பொருத்த வேண்டும். 501-வது பில்லில் என்ன நடக்கும் என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் கூடுதல் பில்லுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். சிலவற்றில் புதிய பில்லே போட முடியாது. அதுவும் லாரி வாசலில் நிற்கும் நேரத்தில். ‘500 பில்’ என்று மட்டும் போட்டு, தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லாத அட்டை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

ஆக, ஸ்டாண்டர்ட். அடுத்து ஆட்களின் எண்ணிக்கை. ஏழு பேருக்கும் கட்டினால் வருடத்துக்கு 75,600 ரூபாய். ஆனால் குடோன் ஆட்கள் மூவரும் இருப்பைப் பார்க்கிறார்களே தவிர எதையும் மாற்றுவதில்லை. பார்க்க மட்டும் செய்பவருக்குக் கட்டணம் இல்லாத மென்பொருட்கள் உண்டு. இதுவும் அப்படி என்றால் பணம் கட்ட வேண்டியவர்கள் நான்கு பேர். குறைந்தபட்சம் ஐந்து என்பதால் ஐந்து பேருக்குக் கட்ட வேண்டும். வருடத்துக்கு 54,000, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி 9,720, மொத்தம் 63,720 ரூபாய். அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த 900-க்கும் வங்கிக் கணக்கிலிருந்து ஒரே நாளில் போகும் இந்தத் தொகைக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு தனி அட்டை காட்டியே ஆக வேண்டும். ஒரு மாதிரிக் கடையை எடுத்து, வருட பில் இவ்வளவு என்று வரிவரியாகப் போட்டுக் காட்டுவதுதான் அந்தத் தொடரிலேயே மிகவும் பயனுள்ள அட்டை என்பேன். ஜிஎஸ்டியில் முறையாகப் பதிந்து வரி கட்டும் கடை அந்த 9,720-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது முடியாது, அது முழுச் செலவு.

‘மாதம் 900’ என்பது வருடம் முழுவதற்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் மட்டுமே கிடைக்கும் விலையாகவும் இருக்கலாம். பல நிறுவனங்கள் அப்படித்தான் போடுகின்றன. மாதாமாதம் கட்டினால் 1,100 என்றால், இந்தக் கடைக்கு வரியோடு மாதம் 6,490. பத்து மாதம் கட்டினால் 64,900, வருடச் சந்தாவைத் தாண்டிவிடும். பத்து மாதமாவது நிச்சயம் பயன்படுத்துவோம் என்று தெரிந்தால் வருடச் சந்தா லாபம். ஆட்கள் பழகுவார்களா என்று சந்தேகம் இருந்தால், இரண்டு மூன்று மாதம் மாதக் கட்டணத்தில் ஓட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பிரீமியத்தைப் பற்றி இந்தக் கடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் ஒரே கடவுச்சொல்லால் எல்லா மென்பொருளிலும் நுழைவது, பல கட்ட ஒப்புதல் போன்றவை வழக்கமாக மேல் பிளானில்தான் வைக்கப்படும். அவற்றைக் கேட்பது தனி கணினிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று அந்த அட்டையிலேயே எழுதும் விற்பனையாளரை நான் நம்புவேன்.

இந்த அட்டைகளைச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் முழுத் தொடரையும் யாருக்கும் அனுப்புவதில்லை. விலை உள்ள அட்டையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தம்பிக்கோ ஆடிட்டருக்கோ வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். ‘ஜிஎஸ்டி தனி’, ‘வருடச் சந்தாவில்’, ‘குறைந்தது 5 பேர்’ என்பவை வேறு அட்டையில் இருந்தால், ஆடிட்டர் பார்ப்பது தவறான விலை. விலை எங்கே வருகிறதோ, நிபந்தனைகளும் அங்கேயே, படிக்கக்கூடிய எழுத்தில் வர வேண்டும். எந்த மாதத்து விலை என்பதும் வேண்டும். விலை ஏறிய பிறகும் பழைய படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். விற்பனைப் பிரிவுக்கு வரும் அழைப்புகளில் முதல் கேள்வி ‘இதுல ஜிஎஸ்டி சேர்ந்ததா?’ என்றே இருந்தால், அட்டை தன் வேலையைச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கீழ் பிளானுக்கு இறங்குவதைப் பற்றியும் அட்டைகளில் அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள். ஸ்டாண்டர்டிலிருந்து பேசிக்குக்கு வந்தால் இரண்டாவது குடோனின் பழைய கணக்கு என்ன ஆகும்? பார்க்க முடியுமா, எக்செல்லில் இறக்கிக்கொள்ள முடியுமா, பூட்டிவிடுவார்களா?

வாங்கப்போகும் நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வரியோடு சேர்த்து ஒரு வருடத்துக்கான மொத்தத் தொகை, வரம்பு தாண்டினால் நடப்பது, கீழ் பிளானுக்கு மாறினால் உங்கள் கணக்குகளின் நிலை. தொலைபேசியில் சொல்லி, எழுதித் தர மறுத்தால் வேறு மென்பொருளைப் பாருங்கள்.