பாட்டுச் சந்தாவுக்கு பில் எங்கே?

விளம்பர நிறுவனம் ஒன்றில் வீடியோ எடிட்டராக இருக்கும் ஒரு பெண், வேலைக்காகப் பாட்டுச் செயலிக்கு மாதம் 118 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பணம் கிடைத்தது' என்று வந்த மின்னஞ்சலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறார். "இது ரசீதும்மா, டாக்ஸ் இன்வாய்ஸ் வேணும்" என்று பதில் வருகிறது.

அவர்கள் கேட்பது நியாயமே. பணம் போனதற்குத்தான் ரசீது சாட்சி. எவ்வளவு வரி, யார் யாருக்கு விற்றார் என்பதை டாக்ஸ் இன்வாய்ஸ்தான் காட்டும். அதில் விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில் வரிசை எண், தேதி, வாங்குபவர் விவரம், வரி விகிதம் எல்லாம் இருக்க வேண்டும். சந்தாவுக்கு வரி 18 சதவீதம். ஆகவே அந்த 118 ரூபாய், சந்தா 100, வரி 18 என்று பிரிந்து நிற்கும். விற்கும் நிறுவனம் வேறு மாநிலத்தில் பதிவானதென்றால் 18 ரூபாயும் ஐஜிஎஸ்டி. தமிழ்நாட்டிலேயே பதிவானதென்றால் மத்திய, மாநில வரிகள் ஒன்பது ஒன்பதாக இருக்கும்.

பில்லைத் தேடும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பணத்தை வாங்கியவர் யாரோ, பில்லையும் அவரிடமே கேட்க வேண்டும். ஐபோனின் ஆப் ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டினால் பாட்டு நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் பில் இருக்காது, ஆப்பிளின் reportaproblem.apple.com பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியல் கிடைக்கும். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் கூகுளின் பேமென்ட்ஸ் கணக்கில் பார்க்க வேண்டும். நேரடியாகக் கட்டியவர்கள் பாட்டு நிறுவனத்தின் இணையதளத்தை உலாவியில் திறந்து, கணக்குப் பக்கத்தில் தேடுவது நல்லது. யாரிடம் போயிற்று என்று குழப்பமாக இருந்தால், கார்டு ஸ்டேட்மென்டில் பணம் யார் பெயரில் கழிந்திருக்கிறது என்று பாருங்கள். குடும்பத் திட்டமானால் பணம் கட்டியவர் பெயரில்தான் பில் வரும். செல்போன் ரீசார்ஜோடு இலவசமாக வந்த சந்தாவுக்குத் தனி பில் இல்லை. தனியாகக் கேட்கவும் அதில் ஒன்றுமில்லை.

சந்தா தொடங்கும் முன்பே கணக்குப் பிரிவிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பில் யார் பெயரில் வேண்டும்? ஊழியர் பெயரில் உள்ள பில்லைக் கொண்டு நிறுவனம் கட்டிய வரியை ஈடுசெய்துகொள்ள முடியாது. அதற்கு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணே பில்லில் இருக்க வேண்டும். ஆகவே அந்த எண்ணைப் பதிய இடம் இருந்தால், அடுத்த மாதப் பணம் கழியும் முன் பதிந்துவிட வேண்டும். ஏற்கெனவே வந்த பில்லில் பெயரை மாற்றித் தரும்படி கேட்டுப் பெறுவது கடினம். 18 ரூபாய் வரிக்காக இவ்வளவு அலைச்சல் தேவையில்லை என்று பல நிறுவனங்கள் நினைக்கும். அப்போது ஊழியர் பெயரிலேயே உள்ள பில் போதும்.

பில் சரியாக இருந்தாலும் தனிநபர் சந்தா தனிப்பட்ட கேட்புக்கு மட்டுமே. அதைக் கொண்டு கடையிலோ வரவேற்பறையிலோ பாட்டு ஒலிக்கவிட உரிமை கிடையாது. அதற்கு இசை உரிமதாரர்களிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.